உணர்ச்சி: உண்டா, இல்லையா, பார்க்கவில்லையா?

“இடது கையில் தேமல். களிம்பு. இரண்டு வாரம் கழித்து வரவும்.”

அரசு மருத்துவமனைத் தோல் பிரிவின் ஓ.பி. சீட்டுகளில் இப்படி எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். எழுதியவர் சோம்பேறி அல்ல. வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் கேட்டு, பார்த்து, எழுதி, அடுத்தவரை அழைத்தாக வேண்டும். ஆனால் இரண்டு வாரம் கழித்து அதே நோயாளி வரும்போது அந்த நாற்காலியில் வேறொரு மருத்துவர் இருப்பார். திட்டு பெரிதாகியிருக்கிறதா, சிறுத்திருக்கிறதா, அன்றைக்கு ஒன்றுதான் இருந்ததா, யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்ற எதற்கும் அந்தச் சீட்டில் பதில் இல்லை. அவர் புதிதாக ஆரம்பிக்கிறார். அவரும் “தேமல்” என்றே எழுதுகிறார்.

இதை மாற்றத்தான் தோல் பிரிவுகளில் நிலையான தலைப்புகளும் கட்டங்களும் கொண்ட குறிப்புப் படிவம் வேண்டும் என்கிறோம். அதை ஒரு முறை நன்றாக வடிவமைத்துவிட்டால் ஒவ்வொரு நோயாளிக்கும் அதையே பயன்படுத்தலாம். அச்சிட்ட தாளாக இருக்கலாம், ரப்பர் ஸ்டாம்பாக இருக்கலாம், கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் விரியும் வரிகளாகவும் இருக்கலாம். வடிவம் எதுவானாலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கட்டத்தை வைப்பது, எதை விடுவது?

இதற்கு விடை தேட ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். பலருடைய கதைகளைச் சேர்த்து உருவாக்கிய ஒருவர் இவர். 34 வயது, கொத்தனார். இடது முன்கையின் வெளிப்புறத்தில் வெளிறிய திட்டு. அரிப்பு இல்லை, வலி இல்லை. எட்டு மாதங்களில் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் வேறு வேறு மருத்துவர்கள் பார்த்தார்கள். முதல் முறை பூஞ்சைத் தேமலுக்கான களிம்பு. இரண்டாம் முறை, சிமென்ட் வேலை செய்பவர் என்பதால் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று வேறு களிம்பு. மூன்றாம் முறை வந்தபோதுதான் ஒரு மருத்துவர் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தார். திட்டின் நடுவில் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. அது தொழுநோய்.

தொழுநோயைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் மூன்று முதன்மை அடையாளங்களைச் சொல்கிறது. வெளிறிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி நிச்சயமாகக் குறைந்திருப்பது ஒன்று. புற நரம்பு தடித்திருந்து, அந்த நரம்பு செல்லும் இடத்தில் உணர்ச்சிக் குறைவோ தசைத் தளர்ச்சியோ இருப்பது இரண்டு. தோல் கீறல் மாதிரியில் கிருமி தெரிவது மூன்று. முதல் இரண்டும் கண்ணை மட்டும் நம்பினால் கிடைக்காது. விரலும் பஞ்சும் வேண்டும். இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே தொழுநோய் 2005-ஆம் ஆண்டு இறுதியில் குறைந்துவிட்டதாக அரசு அறிவித்தது. நோய் அரிதானதால் நினைவில் வருவதும் அரிதாகிவிட்டது. அறை நிறையத் தேமலும் படர்தாமரையுமாக வரும் நாளில், இருநூறாவது நோயாளியின் வெளிறிய திட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவருக்கு யார் நினைவூட்டுவது? படிவம்தான் நினைவூட்ட வேண்டும்.

முதலில் தலைப்புகள். மருத்துவக் குறிப்புக்கு ஒழுங்கு வேண்டும் என்று 1968-இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, அதிலிருந்து அவர் கருதுவது, செய்யப்போவது என்று குறிப்பை நான்காகப் பிரிக்கும் வழக்கம் அவரிடமிருந்தே பரவியது. தோல் மருத்துவத்தில் இந்தப் பிரிவினைக்குக் கூடுதல் தேவை இருக்கிறது. தோல் நோயைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடத் தோன்றும். “தேமல்” என்று எழுதிவிட்டால் மருத்துவர் கண்டதும் கருதியதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அடுத்தவருக்குக் கிடைப்பது முடிவு மட்டும். அந்த முடிவு எதைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பது அவருக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே படிவத்தின் முதல் விதி: ‘கண்டது’ என்ற தலைப்பின் கீழ் எந்த நோயின் பெயரும் வரக்கூடாது. நோயாளி “தேமல்” என்று சொன்னால் அது ‘நோயாளி சொன்னது’ என்ற தலைப்பில் அவருடைய சொல்லாகவே இருக்கட்டும். மருத்துவர் தேமல் என்று நினைத்தால் அது ‘கருதுவது’ என்பதில் போகட்டும். நடுவில் இருப்பது தோல் மட்டுமே. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ‘கருதுவது’ என்ற வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, நோயாளியைப் பார்க்காத இன்னொரு மருத்துவரிடம் மேலே எழுதியதைப் படிக்கக் கொடுங்கள். அவரால் அந்தத் திட்டை ஒரு தாளில் ஏறக்குறைய வரைய முடிந்தால் குறிப்பு சரி. முடியாவிட்டால் கட்டங்களில் ஏதோ குறைகிறது.

நோயாளி சொன்னதில் இரண்டு கட்டங்களை மட்டும் தனியே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எப்போது தொடங்கியது என்பது ஒன்று. இதுவரை என்ன தடவினீர்கள் என்பது மற்றொன்று. பெரும்பாலான பழைய படிவங்களில் இரண்டாவது கட்டம் இருக்காது. “முன் சிகிச்சை” என்ற பொதுவான வரியில் அது கரைந்துவிடும். நம் ஊரில் தோல் நோயாளி மருத்துவமனைக்கு வருமுன் மெடிக்கலுக்குப் போய்விட்டுத்தான் வருகிறார். அங்கே அவர் வாங்கும் குழாயில் பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, இவற்றோடு வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் தடிப்பையும் அடக்கும்; பூஞ்சையைக் கொல்லாது. படர்தாமரையின் வட்டமான செதில் விளிம்பு அழிந்து, என்ன நோய் என்றே தெரியாத உருவத்துக்கு அது மாறிவிடும். பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஐவ், மார்க்ஸ் இருவரும் இதை 1968-இலேயே தனிப் பெயரிட்டு விவரித்துவிட்டார்கள். போதாததற்கு, ஸ்டீராய்டுக் களிம்பே தோலை வெளிறச் செய்யும். நம் கொத்தனார் ஆறு வாரம் அப்படி ஒரு களிம்பைத் தடவியிருந்தார். அதைக் கேட்டு எழுதாவிட்டால், நோயால் வந்த வெளிறல் எது, களிம்பால் வந்தது எது என்று இரண்டாம் மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

கேள்வியைக் கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். “ஸ்டீராய்டு போட்டீர்களா?” என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். “என்ன தடவினீர்கள்? குழாய் கையில் இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். படிவத்திலும் அந்தக் கேள்வியே அச்சாகியிருக்க வேண்டும்: ‘தடவியது (குழாயைப் பார்த்து எழுதுக), எத்தனை நாள்’.

இனி ‘கண்டது’ என்ற தலைப்பு. படிவத்தின் நெஞ்சுப்பகுதி இதுதான்.

தோல் நோய்களை அவற்றின் தோற்றத்தை வைத்து விவரிக்கும் ஒழுங்கு புதியதல்ல. வியன்னாவின் பிளெங்க் 1776-இலும், லண்டனின் ராபர்ட் வில்லன் 1808-இல் வெளிவந்த நூலிலும் இதைச் செய்தார்கள். வில்லன் தோல் நோய்களை எட்டு வகுப்புகளாகப் பிரித்தார். தட்டையான நிறமாற்றம், சிறு புடைப்பு, நீர்க்கொப்புளம், சீழ்க்கொப்புளம், செதில் என்று இன்றும் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பிரிவுகளின் வேர் அங்கே இருக்கிறது. உலகத் தோல் மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பு 1987-இலும், திருத்தி 2016-இலும் இந்தச் சொற்களுக்கு வரையறைகள் வெளியிட்டது.

அப்படியிருந்தும் புத்தகத்துக்குப் புத்தகம் எல்லைகள் மாறுகின்றன. ‘பாப்யூல்’ எனப்படும் சிறு புடைப்பு அரை சென்டிமீட்டருக்கு உட்பட்டது என்கிறது ஒரு நூல். ஒரு சென்டிமீட்டர் வரை என்கிறது மற்றொன்று. ஏழு மில்லிமீட்டர் புடைப்பை இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயரால் எழுதினால், அடுத்த முறை படிப்பவர் நோய் மாறிவிட்டது என்று எண்ணிக்கொள்வார். இதற்குப் படிவம் சொல்லும் தீர்வு எளிது: பெயரைக் கேட்காதே, அளவைக் கேள். தட்டையா, மேடா, பள்ளமா என்று விரல் சொல்லட்டும். எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோல் சொல்லட்டும். பெயரை விரும்பினால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அளவுகோலைத் தேடிக்கொண்டிருக்க ஓ.பி. அறையில் நேரமில்லை. ஆகவே படிவத்தின் ஓரத்திலேயே பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு அளவுக் கோடுகளை அச்சிட்டுவிடலாம். தாளை மடித்துத் திட்டின் அருகே வைத்தால் போதும். ஆனால் அச்சிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளுக்கு ஏற்றபடி சுருக்கி அச்சிடும் அமைப்பில் பிரின்டர் இருந்தால் அந்தப் பத்து சென்டிமீட்டர் ஒன்பதரையாகிவிடும். ஜெராக்ஸ் எடுத்த படிவத்தை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு கட்டுப் படிவம் வந்ததும் ஒரு தாளை உண்மையான அளவுகோலோடு ஒட்டிப் பார்ப்பது அவசியம்.

இடத்தைக் குறிக்க எழுத்தைவிடப் படம் மேல். முன்னும் பின்னுமாக மனித உடலின் இரண்டு கோட்டுருவங்கள் போதும். அவற்றில் திட்டை வரைந்துவிடலாம். நம்மை நோக்கி நிற்பவரின் இடக்கை படத்தில் நமக்கு வலப்பக்கம் வரும். அவசரத்தில் இது தவறாமல் குழப்பும். இரு கைகளின் அருகிலும் ‘இடது’, ‘வலது’ என்று அச்சிட்டுவிட்டால் குழப்பம் தீரும். பின்பக்க உருவத்தை அச்சிடுவதில் வேறொரு பயனும் இருக்கிறது. அது வெறுமையாகக் கண்ணில் படும்போது, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தோமா என்ற கேள்வி தானே எழும்.

நம் கொத்தனார் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு விலை அதிகம். முதல் இரண்டு முறையும் அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மருத்துவரும் அதை மட்டும் பார்த்தார். மூன்றாம் முறை சட்டையைக் கழற்றியபோது முதுகிலும் இடுப்பிலும் மேலும் ஆறு திட்டுகள் இருந்தன. அவருக்கே அவை தெரியாது. தொழுநோய்ச் சிகிச்சையில் இந்த எண்ணிக்கை வெறும் விவரம் அல்ல. ஐந்து திட்டுகள் வரை இருந்தால் ஒரு வகை, ஆறு மாத மாத்திரை. ஐந்துக்கு மேல் போனால் வேறு வகை, பன்னிரண்டு மாத மாத்திரை. கையை மட்டும் பார்த்து ஒன்று என்று எழுதியிருந்தால், நோயைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் சிகிச்சை பாதியில் நின்றிருக்கும். ஆகவே ‘எண்ணிக்கை’ என்ற கட்டத்தோடு ‘பார்த்த பகுதி: முழு உடல் / காட்டிய இடம் மட்டும்’ என்ற கட்டமும் ஒட்டியே இருக்க வேண்டும். எங்கே பார்த்து எண்ணியது என்று தெரியாத எண்ணிக்கையை நம்பி எதுவும் செய்ய முடியாது.

நிறத்துக்கான கட்டத்தில் வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்தால் சிக்கல். அங்கே தெரிவுகளில் முதலில் நிற்பது ‘சிவப்பு’. கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவது குறைவு. செம்பு நிறமாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும். ஆகவே சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டு எழுதச் சொல்வதே சரி. வெளிறியதில் இரண்டு படிகளைப் பிரித்தாக வேண்டும்: சற்று வெளிறியது, பால்போல் வெண்மையானது. வெண்புள்ளி நோயில் நிறம் முற்றாகப் போய் பால் வெள்ளையாகும். உணர்ச்சி இயல்பாக இருக்கும். தொழுநோய்த் திட்டு வெளிறும், ஆனால் பால் வெள்ளையாவதில்லை. இரண்டையும் ‘வெள்ளைத் திட்டு’ என்று ஒரே கட்டத்தில் அடைத்தால், வெண்புள்ளி உள்ளவரைத் தேவையில்லாமல் பயமுறுத்துவோம், தொழுநோய் உள்ளவரை விட்டுவிடுவோம். நிறத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதையும் கட்டத்தின் ஓரத்தில் சிறு எழுத்தில் அச்சிடலாம். விளிம்பு மேடாக இருக்கிறதா என்பது பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் புலப்படும்.

விளிம்பு, மேற்பரப்பு, முடி இவற்றுக்கு ஒவ்வொரு சொல் போதும். தெளிவான விளிம்பா, மங்கலா? செதிலா, வறட்சியா, வழவழப்பா? முடி இருக்கிறதா, உதிர்ந்திருக்கிறதா?

இனி உணர்ச்சி. படிவத்தின் வேறு எந்தக் கட்டத்தையும்விட இதற்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்குவேன். வெறுமனே ‘உணர்ச்சி: ____’ என்று ஒரு கோடு போட்டால் அது வெறுமையாகவே கிடக்கும். அல்லது பழக்கதோஷத்தில் ‘இயல்பு’ என்று நிரம்பும். சோதனை செய்த விதமும் அதில் வர வேண்டும். பஞ்சை நுனி வரும்படித் திரித்து, முதலில் நோயாளி கண் திறந்திருக்கும்போதே தொட்டுக்காட்டி, தொட்ட இடத்தை அவர் விரலால் சுட்ட வேண்டும் என்று விளங்கவைக்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலிலும் திட்டிலுமாக முன்பின் மாற்றித் தொட வேண்டும். ஒரே தாளத்தில் தொட்டால் தெரியாமலே விரலை நீட்டுவார்கள். ஆகவே இடைவெளியை மாற்ற வேண்டும். திட்டுக்குள் ஐந்து இடங்களில் தொட்டு, எத்தனை தெரிந்தது என்று எண்ணாக எழுதுவது நல்லது. ‘5-இல் 1’ என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து ஒப்பிட முடியும். ‘சற்றுக் குறைவு’ என்று எழுதினால் முடியாது.

அடுத்து நரம்பு. முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் அல்நார் நரம்பை இரு பக்கமும் ஒரே நேரத்தில் தடவி ஒப்பிட வேண்டும். தடிப்பு, தொட்டால் வலி, சுண்டுவிரலின் பலம் என்று மூன்று சிறு கட்டங்கள். கொத்தனாருக்கு இடப்பக்க நரம்பு தடித்திருந்தது. சுண்டுவிரலை விரித்து வைக்கச் சொல்லி மருத்துவர் தன் விரலால் அழுத்தியபோது அது எளிதில் மடங்கியது. எப்போதிலிருந்து என்று கேட்டால், “கொஞ்ச நாளாவே கரண்டி சரியா பிடிபடலை சார்” என்றார். கொஞ்ச நாள் என்றால்?

படிவத்தின் முழு நியாயமும் இந்த இடத்தில் விளங்கும். நரம்பு பலமிழந்து ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அதை மீட்க முயல்வது வழக்கம். நாள் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு மங்கும். முதல் வருகையில் ‘சுண்டுவிரல் பலம்: இயல்பு’ என்றோ, ஐந்தாம் மாத வருகையில் அப்படியோ ஒரு சொல் எழுதியிருந்தால், பலக்குறைவு அதற்குப் பிறகுதான் வந்தது என்று உறுதியாகச் சொல்லியிருக்கலாம். இரண்டு சீட்டிலும் கை பலத்தைப் பற்றி எதுவுமே இல்லை. பார்த்து நன்றாக இருந்ததால் எழுதவில்லையா, பார்க்கவே இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே இரண்டாம் விதி, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய விதி: ஒவ்வொரு சோதனைக் கட்டத்துக்கும் மூன்று விடைகள் இருக்க வேண்டும். மாற்றம் உண்டு, மாற்றம் இல்லை, பார்க்கவில்லை. மூன்றாவது விடையை எழுதுவதில் வெட்கம் இல்லை. “பார்க்கவில்லை” என்று ஒருவர் எழுதினால் அடுத்தவர் பார்ப்பார். “இயல்பு” என்று பொய்யாக இருந்தால் அடுத்தவரும் விட்டுவிடுவார். வெற்றிடத்துக்கோ எந்தப் பொருளும் இல்லை.

கணினியில் இந்த விதியை மீறுவது இன்னும் சுலபம். நேரத்தை மிச்சப்படுத்த எல்லாக் கட்டங்களிலும் ‘இயல்பு’ என்று முன்கூட்டியே நிரப்பிவைத்து, மாறுபட்டதை மட்டும் திருத்தச் சொல்லும் படிவங்கள் உண்டு. தொடாத கையும் அதில் நல்ல கையாகப் பதிவாகிவிடும். சென்ற முறைக் குறிப்பை நகலெடுத்து ஒட்டும் வசதியும் அதே கேட்டைச் செய்யும்: மூன்று வருகையிலும் திட்டு அச்சு மாறாமல் 42 மில்லிமீட்டர் என்றிருந்தால், யாரும் மறுபடி அளக்கவில்லை என்றே பொருள். இதைத் தடுக்க, நிரப்பாத இடத்தில் கண்ணை உறுத்தும் ஒரு குறியை வைப்பது நல்ல உத்தி. இப்படி:

```
உணர்ச்சி (பஞ்சு): ***  குறைவு | இயல்பு | பார்க்கவில்லை
திட்டில் தெரிந்தது: 5-இல் ***
அல்நார் நரம்பு, இடது: ***  வலது: ***
```

`***` ஒன்றாவது மிச்சமிருந்தால் குறிப்பை முடிக்க விடாதபடி மென்பொருளில் அமைக்கலாம். தாள் படிவத்தில், மூன்று விடைகளில் ஒன்றைக் கட்டாயம் வட்டமிட வேண்டும் என்று வைக்கலாம்.

கொத்தனாரின் மூன்றாம் வருகை இந்தப் படிவத்தில் எழுதப்பட்டால் இப்படி இருக்கும்:

சொன்னது: இடது முன்கையில் “தேமல்”, 8 மாதம், அரிப்பு இல்லை. கரண்டி பிடிபடவில்லை, எப்போதிலிருந்து என்று நினைவில்லை.
தடவியது: ஸ்டீராய்டு கலந்த களிம்பு (குழாய் பார்த்தது), 6 வாரம்.
பார்த்த பகுதி: முழு உடல். எண்ணிக்கை: 7.
பெரிய திட்டு: இடது முன்கை வெளிப்புறம், முழங்கைக்கு 6 செ.மீ. கீழே, 42 × 30 மி.மீ.; விளிம்பு தெளிவு, சற்று மேடு; சற்று வெளிறியது; வறட்சி; முடி உதிர்ந்திருக்கிறது.
உணர்ச்சி (பஞ்சு): குறைவு, 5-இல் 1. மற்ற ஆறு திட்டுகள்: குறைவு நான்கில், இயல்பு இரண்டில்.
அல்நார் நரம்பு: இடது தடிப்பு, வலி இல்லை, வலது இயல்பு. சுண்டுவிரல்: இடது பலக்குறைவு, வலது இயல்பு. மற்ற நரம்புகள்: இயல்பு. பாதம்: பார்க்கவில்லை.
கருதுவது: தொழுநோய், ஐந்துக்கு மேற்பட்ட திட்டுகள்.
செய்வது: தோல் கீறல் பரிசோதனை, பாத உணர்ச்சி இன்றே சோதிக்க, 12 மாதக் கூட்டு மருந்து, நரம்புக்கு ஸ்டீராய்டு பற்றி மூத்த மருத்துவரிடம் கேட்க, வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிக்க.

படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைசிக் கட்டத்தில் ‘பாதம்: பார்க்கவில்லை’ என்று இருந்ததால்தான், அதைச் சோதிக்க வேண்டும் என்ற வரி ‘செய்வது’ என்பதில் தானாக வந்து சேர்ந்தது.

இவ்வளவையும் சொரியாசிஸுக்கும் முகப்பருவுக்கும் எழுத வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். படிவத்தைப் பெருக்கிக்கொண்டே போவதுதான் அதைக் கொல்லும் வழி. ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் நிரப்பமாட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான கட்டங்கள் பத்துப் பன்னிரண்டு போதும்: தொடக்கம், தடவியது, பார்த்த பகுதி, எண்ணிக்கை, இடம், அளவு, மட்டம், விளிம்பு, நிறம், மேற்பரப்பு, உணர்ச்சி. நரம்புச் சோதனை போன்றவை தனி இணைப்பு. திட்டு வெளிறியோ செம்பு நிறமாகவோ இருந்தால் மட்டும் அது திறக்க வேண்டும். மறுவருகைக்கு முழுப் படிவமும் தேவையில்லை. பெரிய திட்டின் அளவு, எண்ணிக்கை, உணர்ச்சி, நரம்பு ஆகிய நான்கை மட்டும் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண் வரும்படி வைத்தால் போதும்.

படிவம் சரியாக வந்திருக்கிறதா என்பதை அறையில்தான் சோதிக்க முடியும். ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் எழுதட்டும். இருவருக்கும் வேறுபடும் கட்டத்தில் கேள்வி தெளிவாக இல்லை என்று பொருள். கேள்வியை மாற்ற வேண்டும். ஒரு மாதத்துப் படிவங்களை எடுத்து, எந்தக் கட்டம் எப்போதும் வெறுமையாக இருக்கிறது, எந்தக் கட்டத்தில் எப்போதும் ஒரே விடை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே விடை வரும் கட்டம் ஒன்று தேவையற்றது, அல்லது யாரும் உண்மையில் சோதிக்காதது. உணர்ச்சிக் கட்டத்தில் நூற்றுக்கு நூறும் ‘இயல்பு’ என்றிருந்தால் மகிழ வேண்டாம். அறையில் பஞ்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படிவத்தால் முடியாதவையும் உண்டு. முகத்தில் நரம்புகள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதால், தொழுநோய்த் திட்டிலும் உணர்ச்சி தெளிவாகக் குறைந்திருக்காது. ‘இயல்பு’ என்ற விடையை அங்கே முழுதாக நம்ப முடியாது. சிறு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தடித்த நரம்பை உணரும் விரல், பல நல்ல நரம்புகளைத் தடவிப் பார்த்த பிறகே வரும். எந்தத் தாளும் அதைக் கற்றுத் தராது. செல்பேசிப் படம் அளவையும் நிறத்தையும் ஓரளவு காக்கும், அருகில் அளவுகோல் இருந்தால். மரத்துப்போனதை எந்தப் படமும் காட்டாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உடலிலோ வீட்டில் யாருக்காவதோ வெளிறிய திட்டு இருந்து, களிம்புக்கு மசியாமல் சில வாரங்கள் நீடித்தால், மருத்துவரிடம் “உணர்ச்சி பார்த்தீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். சட்டையைக் கழற்றி முதுகையும் காட்டுங்கள். தடவிய களிம்பின் குழாயை எடுத்துச் செல்லுங்கள், பழைய ஓ.பி. சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. சரியான காலம் சாப்பிட்டால் நோய் முழுமையாகக் குணமாகும்.